நேர விகிதம் மெல்ல மெல்ல ஏறுகிறது: இது ஓர் எண்ணில் நிற்குமா, முடிவிலிக்குப் போகுமா?

மல்லாவி_மாணவன் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் வவுனியாவில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், வீடு மல்லாவியில். லீவில் வந்து நிற்கும்போது மாமா ஒரு வேலை தந்தார். எங்கள் பக்கத்து ஆறு கமக்கார அமைப்புகளின் எட்டுப் போகத்து உரப் பட்டியல் அவரிடம் இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் 16,000 வரிக்குக் கிட்ட வரும். ஒரே போகத்தில் ஒரே ஆள் இரண்டு அமைப்பில் பதிந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். போகத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒட்டி ஒரு சொல்லாக்கி, அந்தச் சொல் திரும்பி வருகிறதா என்று தேடுகிறேன்.

இரண்டு விதமாக எழுதினேன். முதலாவது, நானே எழுதிய மேர்ஜ் சோர்ட்டால் பட்டியலை வரிசைப்படுத்திவிட்டு அடுத்தடுத்த வரிகளை ஒப்பிடுவது. இரண்டாவது, பைதனின் `set` ஒன்றில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, போட முன்னம் ஏற்கனவே இருக்கிறதா என்று கேட்பது. விடை இரண்டிலும் ஒன்றுதான்.

பிறகு நேரத்தை அளந்து, முதலாவதை இரண்டாவதால் பிரித்தேன். 1,000 வரிக்கு விகிதம் 20.3. 2,000க்கு 21.8. 4,000க்கு 24.1. 8,000க்கு 25.7. 16,000க்கு 28.0.

வகுப்பில் சொன்னது, n பெருகும்போது இந்த விகிதத்தின் எல்லையைப் பார் என்று. எல்லை பூச்சியமென்றால் மேலே இருப்பது சின்னது, பூச்சியமில்லாத ஒரு மாறிலி என்றால் இரண்டும் ஒரே வளர்ச்சி, முடிவிலி என்றால் மேலே இருப்பது பெரிது. எனக்குப் பார்க்க இது ஒரு மாறிலியில் போய் நிற்கும்போலத்தான் தெரிகிறது. வரியை இரட்டிப்பாக்கியும் விகிதம் பத்து சதவீதமளவில்தான் கூடுகிறது. என்னோடு படிக்கிறவன் முடிவிலி என்கிறான். 16,000 மட்டும் பார்த்து இதை எப்படித் தீர்மானிப்பது?

---

குமுழமுனை (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, உங்கட நண்பன் சொன்னதுதான் சரி. அளக்கவே தேவையில்லை. மேர்ஜ் சோர்ட் n log n, `set` n. மேலே n log₂ n, கீழே n. லொப்பித்தால் விதியைப் போடுங்கள். மேலே வகையிட்டால் log₂ n + 1/ln 2 வரும், கீழே 1. n முடிவிலிக்குப் போக மேலே இருப்பதும் முடிவிலிக்குப் போகும். முடிந்தது.

எல்லை முடிவிலி என்றால் `set` முறை எப்போதும் கெதியானது, எந்த n-க்கும். வரிசைப்படுத்தும் முறையைத் தூக்கி எறியலாம். இரண்டு லூப் போட்டு எல்லாரோடும் எல்லாரையும் ஒப்பிடுகிற n² முறையைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை, அது எந்த இடத்திலும் தோற்றுத்தான் போகும்.

---

கமக்காரன்62 (திங்கள், காலை 6.15)

தம்பி, நானும் ஒரு அமைப்பில் செயலாளராக இருந்தவன், முறிகண்டிப் பக்கம். எங்களிடம் 340 பேர்தான். எக்செலில் வரிசைப்படுத்திப் போட்டு கண்ணாலேயே பார்த்துவிடுவேன், ஒரு தேத்தண்ணி குடித்து முடிய வேலை முடிந்துவிடும். இதற்கு எதற்கு முடிவிலி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். 2016இல் இருந்து வருகிற புதியதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் ஓர் அமைப்பில் பழைய இலக்கத்தையும் மற்றதில் புதியதையும் கொடுத்திருப்பார். அப்படி ஒருவரை நான் இரண்டு போகமாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். எங்கட ஆளே அவர், கள்ளம் செய்யவில்லை, அட்டை மாறினது மட்டும்தான். பிறகு எனக்குப் பெரிய தலையிடியாகிவிட்டது. உங்கட புரோகிராம் எவ்வளவு கெதியாக ஓடினாலும் அந்த இரண்டு இலக்கத்தையும் வேறு வேறு ஆளாகத்தான் எண்ணும். அதைப் பாருங்கோ.

---

கனகராயன்_ஆறு (திங்கள், பகல் 1.20)

கமக்காரன் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கத்துக்கு முன்னால் 19ஐப் போட்டு, நாளைக் குறிக்கும் அடுத்த மூன்று இலக்கத்தையும் அப்படியே எழுதி, அதன் பிறகு ஒரு 0 செருகி, மிச்ச நான்கையும் எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிடுவது. எல்லா வரியையும் அந்த ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சதவீதத்தைப் பார்த்தீர்கள். அங்கேதான் தவறினீர்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். 20.3இல் இருந்து 21.8, பிறகு 24.1, 25.7, 28.0. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூடியது 1.5, 2.3, 1.6, 2.3. அளவீட்டில் ஆட்டம் இருக்கிறது, ஆனால் கூடுதல் குறையவில்லை, இரண்டைச் சுற்றியே நிற்கிறது. ஒரு மாறிலியை நோக்கிப் போகிற விகிதம் அப்படி நடக்காது. உதாரணத்துக்கு (3n + 100)/n என்பதை எடுங்கள். n = 1,000 என்றால் 3.1, 2,000 என்றால் 3.05, 4,000 என்றால் 3.025. அசைவு ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. பாதி, அதில் பாதி என்று தேய்ந்தால் எல்லாம் கூட்டினாலும் ஓர் இடத்தைத் தாண்டாது. உங்களுடையது தேயவில்லை. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் இரண்டு கூடிக்கொண்டே போனால் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு நாள் அதைத் தாண்டும். n-ஐ இரட்டிப்பாக்கும்போது நிலையான ஒரு அளவு கூடுவது மடக்கையின் நடை. நிலையான ஒரு மடங்கால் பெருகினால் அது n-இன் ஏதோ ஓர் அடுக்கின் நடை.

நேரத்தை அளக்காமல் ஒப்பீட்டை எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நேரத்தில் கணினியின் நினைவகம், பின்னணியில் ஓடுகிற வேறு வேலை எல்லாம் கலந்துவிடும். எண்ணிக்கையில் அவை இல்லை. இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
def varisai(a):
    if len(a) < 2:
        return a, 0
    m = len(a) // 2
    x, p = varisai(a[:m])
    y, q = varisai(a[m:])
    c, k, i, j = [], p + q, 0, 0
    while i < len(x) and j < len(y):
        k += 1
        if x[i] <= y[j]:
            c.append(x[i]); i += 1
        else:
            c.append(y[j]); j += 1
    return c + x[i:] + y[j:], k
```

`k` ஒப்பீட்டின் எண்ணிக்கை. n இரண்டின் அடுக்காக இருந்தால் மிக மோசமான உள்ளீட்டுக்கு அது சரியாக n log₂ n − n + 1. 1,024 வரிக்கு 9,217. அதை n-ஆல் பிரித்தால் 9க்கு ஒரு மயிரிழை மேல். 2,048க்கு 20,481, பிரித்தால் 10. 4,096க்கு 45,057, பிரித்தால் 11. ஏன் ஒன்று ஒன்றாகக் கூடுகிறது? பட்டியலை இரட்டிப்பாக்கினால் முன்பு செய்த வேலையை இரண்டு பாதிக்கும் தனித்தனியாகச் செய்கிறோம், அதற்கு மேல் அந்த இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்க்கிற ஒரேயொரு புதிய அடுக்கு வருகிறது. அந்த அடுக்கில் ஒவ்வொரு வரியும் கிட்டத்தட்ட ஒரு தடவை ஒப்பிடப்படுகிறது. வரி ஒன்றுக்கு ஓர் ஒப்பீடு கூடியது, அவ்வளவுதான். உங்கள் நேரத்தில் அது இரண்டாகத் தெரிவதற்குக் காரணம், உங்கள் சோர்ட்டில் ஓர் ஒப்பீடும் அதோடு வருகிற `append`-உம் சேர்ந்து `set`-இல் ஒரு தேடலைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுப்பது.

குமுழமுனைக்கு ஒரு சொல். உங்கள் விடை சரி, ஆனால் அதற்கு லொப்பித்தால் தேவையில்லை, n-ஐ மேலும் கீழும் வெட்டினால் log₂ n நேராக மிஞ்சும். "எப்போதும், எந்த n-க்கும்" என்றதுதான் தவறு. அதை இரவு எழுதுகிறேன், இப்போது வகுப்பு இருக்கிறது.

---

மல்லாவி_மாணவன் (திங்கள், மாலை 6.50)

சேர், மிச்சம் நன்றி. எண்ணிப் பார்த்தேன். எழுந்தமானமாகக் கலைத்த பட்டியல்தான் போட்டேன். 1,024க்கு 8,950. 2,048க்கு 19,933. 4,096க்கு 43,980. 8,192க்கு 96,151. n-ஆல் பிரித்தால் 8.74, 9.73, 10.74, 11.74. நீங்கள் சொன்ன எண்ணை விடக் குறைவு, ஆனால் கூடுவது அப்படியே ஒன்றுதான். வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஐயா, உங்கள் விஷயத்தையும் செய்தேன். இலக்கத்தை ஒரே வடிவத்துக்கு மாற்ற முன்னம் இரட்டைப் பதிவு 11 வந்தது. மாற்றிய பிறகு 29.

---

குமுழமுனை (திங்கள், இரவு 8.10)

சோதனையில் எல்லை முடிவிலி என்று வந்தால் அந்த அல்கோரிதம் கூடாது என்றுதான் எழுதுவோம், முழுப் புள்ளியும் வரும். சேர் எந்த இடத்தில் தவறு என்று சொல்லுங்கோ, கேட்கிறேன்.

---

கனகராயன்_ஆறு (திங்கள், இரவு 9.30)

சொல்கிறேன். விகிதத்தின் எல்லை முடிவிலி என்பதன் பொருள், ஓர் இடத்துக்குப் பிறகு மேலே இருப்பது கீழே இருப்பதை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் தாண்டும் என்பது. அந்த இடம் எங்கே என்று எல்லை சொல்லாது. அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்றும் சொல்லாது.

நீங்கள் கதைக்கவே தேவையில்லை என்று ஒதுக்கிய இரண்டு லூப்பையே எடுப்போம். அதற்கு n(n−1)/2 ஒப்பீடு. வரிசைப்படுத்துவதற்கு ஏறத்தாழ n log₂ n. 1,024 வரியில் லூப் 5,23,776 ஒப்பீடு செய்கிறது, மேர்ஜ் சோர்ட் 9,217தான். சோர்ட்டை லூப்பால் பிரித்தால் 0.0176. 2,048இல் 0.0098. 4,096இல் 0.0054. பூச்சியத்துக்குத்தான் போகிறது, சந்தேகமில்லை.

ஆனால் லூப்பில் ஓர் ஒப்பீடு மிகவும் மலிவானது, இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகிறது. சோர்ட்டில் ஒவ்வொரு ஒப்பீட்டோடும் பட்டியல் வெட்டுவது, சேர்ப்பது, தன்னைத்தானே திரும்ப அழைப்பது எல்லாம் வருகிறது. அதனால் அங்கே ஒன்றுக்கு இருபது மடங்கு செலவு என்று வைத்துக்கொள்வோம். அப்போது 20 n log₂ n-ஐ n²/2-உடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் சமமாவது n = 40 log₂ n ஆகும் இடத்தில். 256ஐப் போட்டால் வலப்பக்கம் 320, இன்னும் லூப்தான் முன்னுக்கு. 350ஐப் போட்டால் வலப்பக்கம் 338, லூப் பின்னுக்குப் போய்விட்டது. கடக்கிற இடம் 336 அளவில் வருகிறது. கமக்காரன் ஐயாவின் 340 பேர் அந்தக் கோட்டிலேயே நிற்கிறார்கள். 100 பேர் உள்ள அமைப்பென்றால் அந்த n² முறை சோர்ட்டை இரண்டரை மடங்கால் வெல்லும். இருபது மடங்கு என்பதை எல்லை கண்டுகொள்ளாது. இருபதை இருநூறாக்கினாலும் எல்லை பூச்சியம்தான், கடக்கிற இடம் மட்டும் தூரப் போகும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. பைதனுடைய `sort()` 2002இல் ரிம் பீற்றேர்ஸ் எழுதிய முறையில் இருந்து வந்தது. அதுகூட 64க்குக் குறைவான சிறு துண்டுகளைச் செருகல் முறையில்தான் வரிசைப்படுத்துகிறது. செருகல் முறை n² வகை. தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இன்னுமொன்று, தம்பி 16,000 மட்டும் அளந்து முடிவு சொல்லலாமா என்று கேட்டாரே, அதற்கு. log₂ n-ஐயும் n-இன் 0.1ஆம் அடுக்கையும் எடுங்கள். முதலாவதை மேலே, இரண்டாவதைக் கீழே வையுங்கள். n = 2ᵏ என்று எழுதினால் விகிதம் k-ஐ 2^(k/10)-ஆல் பிரித்தது, மனதாலேயே போடலாம். k = 10 என்றால், அதாவது ஆயிரம் வரியில், 10ஐ 2ஆல் பிரிக்க 5. k = 12இல் 5.22. k = 14இல், தம்பியின் 16,000இல், 5.3. k = 15இலும் 5.3. இதை அளந்தவர் என்ன சொல்வார்? ஏறி வந்தது, அசைவு தேய்ந்தது, 5.3இல் நின்றுவிட்டது, மாறிலி. மதியம் நான் சொன்ன அதே சோதனையை வைத்துத்தான் அப்படிச் சொல்வார், பிழையாகச் சொல்வார். k = 20இல் அது 5க்கு இறங்குகிறது. k = 40இல் 2.5. k = 60இல் 0.94. எல்லை பூச்சியம்.

இங்கேதான் லொப்பித்தால் உதவுகிறது. மேலே வகையிட 1/(n ln 2), கீழே வகையிட 0.1 n^(−0.9). பிரித்தால் 10/(ln 2 · n^0.1), அது பூச்சியத்துக்குப் போகிறது. ஆனால் n^0.1 உண்மையில் log₂ n-ஐத் தாண்டுவது 2-இன் 59ஆம் அடுக்குக்குக் கிட்ட. இலங்கையில் உள்ள எல்லாப் பட்டியலையும் ஒன்றாக்கினாலும் அங்கே போக மாட்டோம். ஆகவே அளவீடு ஒரு சந்தேகத்தைத் தரும், ஒரு ஊகத்தைத் தரும். எல்லையை உறுதிசெய்வது அல்கோரிதத்தின் கட்டமைப்பில் இருந்து எழுதிய சூத்திரம்தான். உங்கள் விகிதம் முடிவிலிக்குப் போகிறது என்று நான் துணிந்து சொன்னது உங்கள் ஐந்து எண்ணை வைத்து அல்ல தம்பி, அந்தப் புதிய அடுக்கு வருகிற காரணத்தை வைத்து.

---

குமுழமுனை (திங்கள், இரவு 10.00)

"எந்த n-க்கும்" என்றதைத் திருப்பி எடுக்கிறேன். 0.1 அடுக்கு விஷயம் எனக்குப் புதிது, இப்போதுதான் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 14க்கும் 15க்கும் இடையில் உண்மையிலேயே அசையாமல் நிற்கிறது. ஆனால் ஒன்று: விகிதத்துக்கு எல்லை என்று ஒன்று எப்படியும் இருக்கும்தானே? பூச்சியம், மாறிலி, முடிவிலி, மூன்றில் ஒன்று. அப்படியென்றால் எந்த இரண்டு அல்கோரிதத்தையும் ஒப்பிட்டுவிடலாம்.

---

தேக்கங்காடு (செவ்வாய், காலை 7.30)

இல்லை குமுழமுனை, நான்காவது ஒன்று இருக்கிறது: எல்லையே இல்லாமல் போவது.

ஓர் எண் முதன்மை எண்ணா என்று 2, 3, 4 என்று வகுத்துப் பார்க்கிற புரோகிராமை நினையுங்கள். வகுபட்டால் உடனே நிறுத்தும், வகுபடாவிட்டால் √n வரை போகும். 1,009 முதன்மை எண். அதன் வர்க்கமூலம் 31.8, ஆகவே 2இல் இருந்து 31 வரை 30 தடவை வகுக்கிறது. 1,010 இரட்டை எண், ஒரு தடவையோடு முடிந்தது. வகுத்த தடவையை √n-ஆல் பிரித்தால் 1,009க்கு 0.94, 1,010க்கு 0.03. எவ்வளவு தூரம் போனாலும் இது ஓயாது. முதன்மை எண்கள் முடிவில்லாமல் வருகின்றன, அங்கெல்லாம் விகிதம் 1க்குக் கிட்டப் போகும். இரட்டை எண்களும் வருகின்றன, அங்கெல்லாம் பூச்சியத்துக்குக் கிட்டப் போகும். ஓர் இடத்தில் நில்லாத விகிதத்துக்கு எல்லை ஏது?

எல்லை இல்லை என்பதற்காக ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. விகிதம் ஒருபோதும் 1ஐத் தாண்டாது, ஆகவே அந்த வேலை √n-க்குள் அடங்கும் என்று தைரியமாக எழுதலாம். O என்ற குறியை 1894இல் பாக்மன் கொண்டுவந்தது அந்த மேல்வரம்பைச் சொல்லத்தான், அதற்கு எல்லை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எல்லை இருந்தால் அது வேலையைச் சுருக்கித் தருகிறது. இல்லாவிட்டால் வரையறைக்கே திரும்பிப் போய், ஒரு மாறிலியைக் கண்டுபிடித்து, அதைத் தாண்டவில்லை என்று நிறுவ வேண்டும். பரீட்சையில் விகிதத்தைப் பிரித்து எல்லை வரவில்லை என்றதும் "ஒப்பிட முடியாது" என்று எழுதிப் புள்ளியை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கனகராயன் சேருக்கு ஒன்று. `set` முறையை n என்று எல்லாரும் எழுதிவிட்டோம். அது சராசரிக் கணக்கு. `set` ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டவணையில், அந்தச் சொல்லில் இருந்து கணக்கிட்ட இடத்தில் வைக்கிறது. வைக்கிற சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் மோதினால் ஒவ்வொரு தேடலும் முன்பு வந்த எல்லாவற்றையும் தொட வேண்டும், n² ஆகிவிடும். அப்போது சோர்ட்டை `set`-ஆல் பிரித்த விகிதம் (n log n)/n², எல்லை பூச்சியம். அதே இரண்டு புரோகிராம், எல்லை முடிவிலியில் இருந்து பூச்சியத்துக்கு மாறிவிட்டது. தம்பி எந்த நேரத்தை எந்த நேரத்தால் பிரிக்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும், மோசமான நிலையா, சராசரியா என்று. வேண்டுமென்றே மோத வைக்கிற சொற்களைக் கொடுத்து இணையத்தளங்களை முடக்கலாம் என்று 2011 டிசம்பரில் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பைதன் 3.3 சொற்களை வைக்கிற இடத்தை ஒவ்வொரு தடவையும் எழுந்தமானமாக மாற்றத் தொடங்கியது.

---

கனகராயன்_ஆறு (செவ்வாய், பகல் 12.45)

முற்றிலும் சரி அக்கா, நான் அதைச் சொல்லாமல் விட்டது குறைதான். தம்பி, உங்கள் அறிக்கையில் "சராசரி நேரத்தின் விகிதம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மல்லாவி_மாணவன் (புதன், இரவு 11.15)

சேர்த்துவிட்டேன். இப்போது எனக்கு விளங்காத இன்னொன்று வந்து நிற்கிறது. நேற்று கரண்ட் போய் வந்த பிறகு பெரிய சோதனை ஒன்று ஓட்டினேன். எழுந்தமானமான பன்னிரண்டு இலக்கச் சொற்கள், 10,48,576 வரி, அதாவது k = 20. ஒப்பீடு எண்ணியதில் வரி ஒன்றுக்கு 18.74 வந்தது, கணக்கில் எதிர்பார்த்ததுதான். ஆனால் நேர விகிதம்? ஒரு இரட்டிப்புக்கு இரண்டு என்றால் 40 வர வேண்டும். வந்தது 29. மூன்று தரம் ஓட்டினேன், 28க்கும் 30க்கும் இடையில்தான். 16,000இலேயே 28 இருந்தது. அப்படியென்றால் நான் முதலில் சொன்னது மாதிரி நின்றுவிட்டதா?

---

கனகராயன்_ஆறு (வியாழன், காலை 6.30)

எல்லை அப்படியே இருக்கிறது. மாறியது, `set`-இல் ஒரு தேடலுக்கு எடுக்கிற நேரம். பத்து லட்சம் சொல்லுக்கு அந்த அட்டவணை மட்டுமே 32 மெகாபைட் அளவில் வரும். லப்டொப்பின் கேஷ் நினைவகத்துக்குள் அது அடங்காது. சொல் வைக்கிற இடமோ தாறுமாறாக இருக்கிறது, ஒவ்வொரு தேடலும் பிரதான நினைவகத்துக்கு ஓடி வர வேண்டும். கீழே இருக்கிற எண் வீங்கியதால் விகிதம் குறைவாகத் தெரிகிறது. 20 லட்சம், 40 லட்சம் என்று அளந்தால் `set` இனி வீங்க இடமில்லாமல் நிற்கும், விகிதம் திரும்பவும் ஏறத் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

---

தேக்கங்காடு (வியாழன், இரவு 8.20)

இதில் மட்டும் சேரோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. பைதன் பட்டியலில் இருப்பது சொல் அல்ல, சொல் இருக்கிற இடத்தின் முகவரி. கடைசி அடுக்குகளைச் சேர்க்கும்போது பட்டியலில் அடுத்தடுத்து நிற்கிற முகவரிகள் நினைவகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். மேர்ஜ் சோர்ட்டும் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அங்கே ஓட வேண்டும். `set` மட்டும் வீங்கியது என்றால், சோர்ட் ஏன் அதே அளவு வீங்கவில்லை? அதோடு `set` நிரம்ப நிரம்ப எல்லாவற்றையும் பெரிய அட்டவணைக்கு மாற்றுகிறது, அந்தச் செலவு எந்த n-இல் விழுகிறது என்பதும் எண்ணை ஆட்டும். நினைவகத்துக்கு ஓடுகிற செலவும் n-ஓடு வளர்கிறது என்றால், அதையும் சூத்திரத்துக்குள் வைத்துத்தான் எல்லையைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒப்பீட்டை மட்டும் எண்ணி எடுத்த எல்லை, ஒப்பீட்டைப் பற்றியது.

தம்பி, ஒரு சோதனை செய்து பாருங்கள். சொல்லுக்குப் பதிலாக, `array`-இல் எண்களாகவே வைத்து இரண்டு முறையையும் ஓட்டுங்கள், முகவரிச் சிதறல் குறையும். 29 என்ற எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்போம்.

---

கனகராயன்_ஆறு (வியாழன், இரவு 9.05)

நல்ல கேள்வி. 20 லட்சத்தையும் அதோடு ஓட்டுங்கள் தம்பி. நான் சொன்னது பிழையென்றால் அங்கே தெரிந்துவிடும்.

---

கமக்காரன்62 (வெள்ளி, காலை 5.50)

அந்த 29 இரட்டைப் பதிவில் ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் இலக்கத்தை மாறிக் கொடுத்தது இருக்கும், அதை மாமாவிடம் சொல்லி ஆளை நேரே கேட்கச் சொல்லுங்கோ தம்பி. எங்கட பக்கம் கால போக விதைப்பு தொடங்கிவிட்டது, எல்லாரும் வயலில்தான் நிற்பார்கள், பிடிப்பது சுகம்.

---

மல்லாவி_மாணவன் (வெள்ளி, இரவு 10.30)

ஓம் ஐயா, மாமா நாளைக்குப் போகிறார். `array` சோதனை பாதியில் நிற்கிறது, 10 லட்சத்துக்கு 33 வந்தது, 20 லட்சம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. நாளை திரும்ப ஓட்டிவிட்டு எண்ணைப் போடுகிறேன்.